சொல்லாமல் சொன்னதை அலசும்போது எங்கே சறுக்குகிறோம்?

சாமுவேல் பிரான்ஸ்டன் பெரிய பட்ஜெட் படங்கள் எடுத்த அமெரிக்கத் தயாரிப்பாளர். 1960-களின் நடுவில் அவருடைய கம்பெனி கடனில் மூழ்கி, விவகாரம் திவால் வழக்கில் போய் நின்றது. 1966-ல் கடன்காரர் ஒருவரின் வக்கீல் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தார்.

"சுவிஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு ஏதும் இருக்கிறதா, மிஸ்டர் பிரான்ஸ்டன்?"

"இல்லை, ஐயா."

"எப்போதாவது இருந்ததா?"

"கம்பெனிக்கு அங்கே ஒரு ஆறு மாதம் போலக் கணக்கு இருந்தது, சூரிச்சில்."

வக்கீல் திருப்தியாகி வேறு கேள்விக்குப் போய்விட்டார். பிரான்ஸ்டன் சொன்ன இரண்டும் உண்மை. அன்றைக்கு அவருக்கு அங்கே கணக்கு இல்லை. கம்பெனிக்கு சூரிச்சில் கணக்கு இருந்ததும் நிஜம். ஆனால் அதற்குமுன் ஏறக்குறைய ஐந்து வருடம் ஜெனீவாவில் அவர் சொந்தப் பெயரிலேயே ஒரு கணக்கு ஓடியிருந்தது. அதில் போட்டதும் எடுத்ததுமாக 1,80,000 டாலருக்கு மேல் புரண்டிருந்தது. பொய்சாட்சி வழக்குப் போட்டார்கள், கீழ்க் கோர்ட்டுகளில் தண்டனையும் உறுதியானது. 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது.

பேச்சில் வரும் குறிப்புப் பொருளைப் பற்றிப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள் பலவற்றையும் இந்த ஒரு பதிலை வைத்தே காட்டிவிடலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பதில் எந்த வகை என்று உடனே தெரிந்திருக்கும். "கதை எழுதத் தெரியுமா?" என்றால் "கட்டுரை எழுதத் தெரியும்" என்பது இனமொழி விடை. நன்னூல் விடைகளை எட்டாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய மற்ற ஐந்தும் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாவிட்டாலும் அந்தப் பொருளைத் தருவதால் விடையாகவே கொள்ளப்படும். இதைப் பார்த்துவிட்டு, "பால் கிரைஸ் சொன்னதை நம் பவணந்தியார் அப்போதே சொல்லிவிட்டார்" என்று நிறுத்திக்கொள்வது ஒரு தவறு. எவையெல்லாம் விடையாகும் என்று நன்னூல் வகுத்தது. கட்டுரையைப் பற்றிச் சொன்ன வாக்கியத்திலிருந்து 'கதை வராது' என்ற பொருளுக்குக் கேட்டவர் எப்படி வந்து சேர்கிறார் என்பது கிரைஸின் கேள்வி. இரண்டும் அடுத்தடுத்த கேள்விகள்தான், ஆனால் ஒரே கேள்வி இல்லை.

கிரைஸ் ஆங்கிலேயத் தத்துவவாதி. 1967-ல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்தக் கருத்து வந்தது. முக்கியமான பகுதி 1975-ல் அச்சானது. பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பை அவர் நான்கு நெறிகளாகப் பிரித்தார். வேண்டிய அளவு சொல், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் (அளவு). பொய்யென்று நினைப்பதையும் ஆதாரம் இல்லாததையும் சொல்லாதே (உண்மை). பேச்சுக்குச் சம்பந்தமானதைச் சொல் (பொருத்தம்). குழப்பாமல் ஒழுங்காகச் சொல் (முறை).

'சொல்', 'சொல்லாதே' என்று ஏவலாக இருப்பதால் இவற்றை நல்ல பேச்சுக்கான அறிவுரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நேர்காணல் பயிற்சிக் குறிப்புகளில்கூட "நான்கு நெறிகளையும் கடைப்பிடியுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அவர் காட்ட வந்தது வேறு. கேட்கிற நாம், எதிரில் இருப்பவர் இந்த நான்கையும் மதிக்கிறார் என்று வைத்துக்கொண்டே காது கொடுக்கிறோம். சொன்னது அதற்குப் பொருந்தாதபோது, பொருந்த வைக்க என்ன சேர்க்க வேண்டுமோ அதைச் சேர்த்துக்கொள்கிறோம். சேர்க்கும் அதுதான் குறிப்புப் பொருள்.

அந்த வக்கீலின் மனசுக்குள் நடந்ததை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நான் கேட்டது இவருடைய கணக்கைப் பற்றி, இவர் சொல்வது கம்பெனிக் கணக்கைப் பற்றி. சம்பந்தம் இல்லாமல் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை. சொந்தக் கணக்கு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார், கேள்வியே அதுதானே. அதைவிட்டுக் கம்பெனிக் கணக்கைச் சொல்கிறார் என்றால், சொல்வதற்கு இருந்தது அவ்வளவுதான். ஆக, சொந்தக் கணக்கு இருந்ததில்லை. இத்தனையும் அரை நொடியில் நடக்கும். பொருத்தமும் அளவும் சேர்ந்துதான் அந்த 'இல்லை'யை உண்டாக்கின. வாக்கியத்தில் 'இல்லை' எங்குமே கிடையாது.

இப்படிப் படிப்படியாகக் காட்ட முடியாததைக் குறிப்புப் பொருள் என்று சொல்லக் கூடாது. பதில் சொல்லும்போது பிரான்ஸ்டனுக்கு வியர்த்திருந்து, 'எதையோ மறைக்கிறார்' என்று வக்கீல் சந்தேகப்பட்டிருந்தால், அது சரியான ஊகமாகவே இருந்திருக்கும். ஆனாலும் அது வக்கீலின் ஊகம், பிரான்ஸ்டன் உணர்த்த நினைத்த பொருள் ஆகாது. வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒற்றைச் சொல் வந்ததும் "கோபமாக இருக்கிறாள்" என்று முடிவு கட்டுவதும் பல நேரம் இந்த ரகம்தான்.

அடுத்த தவறு, உணர்த்திய பொருளைச் சொல்லின் பொருளாகவே எழுதிவிடுவது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: அந்தப் பொருளை மறுத்து ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். "கம்பெனிக்கு ஆறு மாதம் கணக்கு இருந்தது, எனக்கும் ஜெனீவாவில் ஒன்று இருந்தது" என்று அவர் தொடர்ந்திருந்தால் எந்த முரணும் இல்லை. அப்படி விலக்க முடிவதால்தான் அது குறிப்பு.

தமிழில் இந்தச் சோதனை பளிச்சென்று வேலை செய்யும் இடம் எண்ணிக்கை. "கூட்டத்துக்கு மூணு பேர் வந்தாங்க" என்றால் மூன்றே பேர் என்று புரிந்துகொள்கிறோம். அதற்குப் பிறகு "மூணு என்ன, அஞ்சு பேரே வந்தாங்க" என்று ஏற்றிச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "மூணு பேர்தான் வந்தாங்க, அஞ்சு பேரே வந்தாங்க" என்று சொல்லிப் பாருங்கள், உதைக்கும். முதல் வாக்கியத்தில் 'அதற்கு மேல் இல்லை' என்பது அளவு நெறியால் வந்தது. இரண்டாவதில் அதைத் 'தான்' சொல்லிவிட்டது, விலக்க முடியாது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டு 'தமிழில் குறிப்புப் பொருள்' என்று தலைப்புக் கொடுத்தால் பாதி உதாரணம் தவறாகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'அதற்கு மேல் இல்லை' என்ற அந்தக் குறிப்பு எல்லா இடத்திலும் எழாது. "மூணு பேர் வந்தா ஆரம்பிச்சிடலாம்" என்கிறவர், நாலாவது ஆள் வந்தால் ஆரம்பிக்க மாட்டேன் என்றா சொல்கிறார்? அவருக்குத் தேவை குறைந்தது மூன்று. எனவே 'மூணு என்றால் மூன்றே' என்று சொல்லுக்கு நேராகக் குறித்து வைக்காமல், அந்த இடத்தில் அதிக எண்ணைச் சொல்ல வேண்டிய தேவை இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

மாணவர்களை அதிகம் குழப்பும் இடத்துக்கு வருவோம். நெறியை வெளிப்படையாக மீறுவது வேறு, ஓசைப்படாமல் மீறுவது வேறு. வெளிப்படையான மீறலுக்கு கிரைஸ் தந்த உதாரணம் புகழ்பெற்றது. தத்துவ ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த மாணவனுக்காகப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார்: ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வருவார். அவ்வளவுதான் கடிதம். தன் மாணவனைப் பற்றி இவருக்கு இதற்கு மேல் தெரியாமலா இருக்கும்? எழுத விருப்பமில்லை என்றால் கடிதமே எழுதாமல் விட்டிருக்கலாமே? எழுதத் தயங்குகிற ஏதோ ஒன்றைச் சொல்ல நினைக்கிறார், அது 'தத்துவத்தில் பையன் சரியில்லை' என்பது. இங்கே அளவு குறைந்திருப்பதைப் படிக்கிறவர் பார்க்க வேண்டும் என்பதே எழுதியவரின் நோக்கம். பார்க்காவிட்டால் கடிதம் தோற்றது.

பிரான்ஸ்டனும் அளவைக் குறைத்தார். ஆனால் அவர் குறைத்தது வக்கீலுக்குத் தெரியக் கூடாது. நெறியை மதிக்கிற ஆளாக அவர் தோன்றும்வரைதான் அந்த 'இல்லை' நிற்கும். ஒன்றில் மீறல் கண்ணில் பட்டால்தான் பொருள் பிறக்கிறது. மற்றதில் கண்ணில் பட்டால் பொருள் செத்துவிடுகிறது. இரண்டையும் 'மீறல்' என்ற ஒரே சொல்லால் எழுதுவதால்தான் குழப்பம். கிரைஸ் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருந்தார்.

சரி, அப்படி ஏமாற்றியவரை உச்ச நீதிமன்றம் ஏன் விட்டது? 'பதிலில் அப்படியொரு குறிப்பே இல்லை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. சாதாரணப் பேச்சில் அந்தப் பொருள் எடுக்க இடமுண்டு என்பதைத் தலைமை நீதிபதி பர்கர் எழுதிய தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. சட்டம் தண்டிப்பது, உண்மையென்று தான் நம்பாத ஒன்றைச் சாட்சி 'சொல்வதை'. உணர்த்துவதை அந்த வாசகம் பிடிக்காது என்பதே அதன் வாதம். மேலும், குறுக்கு விசாரணையில் எதிராளி தானாக முன்வந்து எல்லாம் சொல்வார் என்று வக்கீல் நம்பக் கூடாது. நழுவலான பதில் வந்தால் மடக்கிக் கேட்பது அவர் வேலை. கிரைஸின் மொழியில், அந்த அறையில் அளவு நெறி அவ்வளவு வலுவாக இல்லை. தீர்ப்பு நியாயம்தானா என்பதில் எனக்கு முழு ஒப்புதல் இல்லை, ஆனால் அந்தக் கடைசிக் கவனிப்பு கூர்மையானது.

எல்லா ஊரிலும் எல்லா அறையிலும் நான்கு நெறிகளும் ஒரே பலத்தோடு நிற்கும் என்று வைத்துக்கொள்வதும் இதனால்தான் ஆபத்து. மடகாஸ்கரில் ஒரு கிராமத்தில் ஆய்வு செய்த எலினர் கீனன் 1976-ல் இதைச் சுட்டினார். அங்கே "உன் அம்மா எங்கே?" என்று கேட்டால் "வீட்டில் இருப்பாள், இல்லையென்றால் சந்தையில்" என்று பதில் வரும். நாமாக இருந்தால் 'இவனுக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று எடுத்துக்கொள்வோம். அங்கே கேட்டவர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. புதுச் செய்தி அங்கே மதிப்புள்ள சரக்கு, கேட்டதும் முழுசாகக் கொடுத்துவிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அளவு நெறியே இல்லாத ஊர் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. எவ்வளவு சொன்னால் போதும் என்ற எதிர்பார்ப்பு அங்கே வேறாக இருக்கிறது. அதனால் அதே பதிலிலிருந்து 'தெரியவில்லை' என்ற குறிப்பு அங்கே பிறப்பதில்லை.