வரி உள்ளிட்ட விலையிலிருந்து 18 சதவீதத்தைக் கழிக்காதீர்கள்

கணக்கு எழுதப் பழக வருகிற பிள்ளைகள் பில் எண்ணை மாற்றி எழுதுவதையும் தேதியைத் தவறவிடுவதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவை ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் ஜி.எஸ்.டி. உள்ளிட்ட விலையிலிருந்து அடிப்படை விலையைப் பிரிக்கச் சொன்னதும், அவர்கள் கால்குலேட்டரில் மொத்த விலையை அடித்து, கழித்தல், 18, சதவீதம் என்று வரிசையாக அழுத்துவதைப் பார்த்தால் என்னால் பொறுக்க முடிவதில்லை. 2019இல் ஒரு மாதம் முழுவதும் நானும் அதையே செய்தேன்.

சதவீதத்தைக் கழிப்பது

அப்போது நான் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே அதிகம் விற்ற மிக்சியின் விலை, 18 சதவீத வரியையும் சேர்த்து, 4,720 ரூபாய். கைப்பில்லில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். மாலையில் அந்தப் பில்களை நான் மென்பொருளில் ஏற்றுவேன். மென்பொருள் அடிப்படை விலையைத்தான் கேட்கும்; வரியை அதுவே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளும். நான் 4,720இல் 18 சதவீதமான 849.60ஐக் கழித்து, 3,870.40 என்று பதிந்தேன். மென்பொருள் அதற்கு 696.67 ரூபாய் வரி போட்டு, மொத்தம் 4,567.07 என்று காட்டியது. வாடிக்கையாளர் கொடுத்ததோ 4,720.

ஒரு மிக்சிக்கு 152.93 ரூபாய் வித்தியாசம். ஆறு மிக்சி விற்ற நாளில் கல்லாவில் 918 ரூபாய் அளவுக்குப் பணம் கூடுதலாக இருந்தது. பணம் குறைந்திருந்தால் அன்றிரவே தேடியிருப்போம்; கூடியிருந்ததால், ஏதோ பழைய பாக்கி வந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மாத முடிவில் 90 மிக்சிகளுக்குக் கணக்குப் பார்த்தபோது, விற்பனை 11,664 ரூபாயும் வரி 2,099.70 ரூபாயும் குறைவாகப் பதிவாகியிருந்தன. திருத்தம் போட்டு, விடுபட்ட வரியை வட்டியோடு கட்டினோம். 90 பில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்திய அந்த இரண்டு நாள்கள் இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன.

தவறு எங்கே என்றால், 18 சதவீதம் என்பது அடிப்படை விலையின் மீது போடப்பட்டது. மொத்த விலையின் மீது அல்ல. அடிப்படை 100 என்றால் வரி 18, மொத்தம் 118. ஆகவே மொத்தத்தை 118 பங்காக்கினால் அதில் 18 பங்குதான் வரி. 4,720ஐ 118ஆல் வகுத்தால் ஒரு பங்கு 40 ரூபாய். 18 பங்கு 720 ரூபாய் வரி, 100 பங்கு 4,000 ரூபாய் அடிப்படை விலை. ஜி.எஸ்.டி. விதிகளில் 35ஆம் விதி சொல்வதும் இதுவே: வரி உள்ளிட்ட தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறும் விகிதமும் சேர்ந்த எண்ணால் வகுக்க வேண்டும். மொத்த விலை B2 கட்டத்தில் இருந்தால் எக்செல்லில் இவ்வளவு போதும்:

```
=B2/1.18
```

`=B2-B2*18%` என்று யாராவது எழுதியிருந்தால் அந்தத் தாளையே நம்பாதீர்கள்.

இதே தவறு வேறு விதமாகவும் கடிக்கும். கழித்த 849.60ஐயே வரி என்று பில்லில் காட்டிவிட்டால், 720 கட்ட வேண்டிய இடத்தில் 129.60 ரூபாய் கூடுதலாகப் போகும். வரி என்று சொல்லி வாங்கிய தொகையை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது சட்டத்தின் 76ஆம் பிரிவு.

5 சதவீதப் பொருள்களை மட்டும் விற்கும் கடைகளில் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். 105 ரூபாய்ப் பொருளில் வரி 5 ரூபாய். கழித்துப் பார்த்தால் 5.25. கால் ரூபாயை யாரும் துரத்துவதில்லை. அங்கே பழகிய கை 18 சதவீதப் பொருளுக்கு வரும்போதுதான் நட்டம் தெரிகிறது. எனவே கிடைத்த அடிப்படை விலையின் மீது வரியை மறுபடி போட்டுப் பாருங்கள். பழைய மொத்தம் பைசா சுத்தமாகத் திரும்பி வர வேண்டும். ஓரிரு பைசா முழுமையாக்கலில் வரலாம். 152 ரூபாய் வராது.

மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு முறை வகுப்பது

9 சதவீதம், 9 சதவீதம் என்று பில்லில் பிரிந்திருப்பதைப் பார்த்து, 1.09ஆல் இரண்டு தடவை வகுக்கிறார்கள். 4,720 அப்போது 3,972.73 ஆகிவிடுகிறது. இரண்டு வரிகளும் ஒரே அடிப்படை விலையின் மீதுதான் விழுகின்றன. ஒன்றின் மீது மற்றொன்று ஏறுவதில்லை. 18 என்று கூட்டி ஒரே முறை வகுத்து, கிடைத்த வரியைப் பாதியாக்குங்கள்.

0.847ஆல் பெருக்குவது

1.18ஆல் வகுப்பதற்குப் பதிலாக 4,720ஐ 0.847ஆல் பெருக்கினால் 4,000 வராமல் 3,997.84 வரும், வகுத்தே பழகுங்கள்.

ரூபாய்த் தள்ளுபடியை வகுத்த பிறகு கழிப்பது

வரி உள்ளிட்ட விலையில் 236 ரூபாய் குறைத்திருந்தால் முதலில் அதைக் கழித்து, 4,484ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும். அடிப்படை விலை 3,800.