சுயேச்சை இயக்குநராகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் கம்பெனி செக்ரட்டரி வேலை பார்க்கிறேன். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், கல்லூரி முதல்வர் என்று புதிதாக சுயேச்சை இயக்குநராக, அதாவது கம்பெனியோடும் முதலாளியோடும் பண உறவோ சொந்தமோ இல்லாதவராக, போர்டுக்கு வருகிறவர்கள் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். பதிவு, படிவம் எல்லாம் ஆபீஸிலேயே நினைவுபடுத்திவிடுவார்கள். அதை விடுங்கள்.

அறக்கட்டளையை மறப்பது

பங்குச் சந்தையில் இருக்கிற ஒரு லிஸ்டட் கம்பெனி. அதில் சுயேச்சை இயக்குநராக இருந்தவர் ஒரு முன்னாள் கல்லூரி முதல்வர். கம்பெனியில் அவருக்குப் பங்கு கிடையாது, முதலாளிக்குச் சொந்தமும் இல்லை. ஆனால் ஒரு பள்ளி அறக்கட்டளையை நடத்துகிறவர் அவர்தான். அந்த வருடம் அறக்கட்டளைக்கு மொத்த வரவு 40 லட்சம். அதில் 12 லட்சம், புதுக் கட்டிடத்துக்காக முதலாளி கொடுத்தது. அதாவது 30 சதவீதம்.

2013 கம்பெனிகள் சட்டம் 149(6) இதை விடாது. லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றின் வரவில் 25 சதவீதமோ அதற்கு மேலோ கம்பெனியிடமிருந்தோ ப்ரமோட்டர் எனப்படும் முதலாளியிடமிருந்தோ வந்தால், அதை நடத்துகிறவர் சுயேச்சை இயக்குநர் ஆக முடியாது. அவர் மனைவி நடத்தினாலும் அதே கதைதான். இவரோ, தான் சுயேச்சைதான் என்று எழுதிக் கொடுத்த போன வருட உறுதிமொழியை அப்படியே நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "பணம் எனக்கா வந்துச்சு? பிள்ளைகளுக்குல்லா வந்துச்சு, தம்பி!" என்றார். இந்தப் பதில்தான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்.

விளைவைப் பாருங்கள். கணக்கையும் முதலாளி வீட்டோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் பார்க்கிற ஆடிட் கமிட்டியில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் சுயேச்சை. இவரைக் கழித்தால் மிஞ்சுவது ஒருவர், வேண்டியதோ மூன்றில் இரண்டு பங்கு. முதலாளியின் மனைவிக்குச் சொந்தமான குடோனுக்கு வாடகை உயர்த்த அந்தக் கமிட்டி கொடுத்த ஒப்புதலே கேள்விக்குள்ளாகிவிட்டது.

நன்கொடை 9 லட்சமாக இருந்திருந்தால் மொத்த வரவு 37 லட்சம், அதில் சுமார் 24.3 சதவீதம், சட்டப்படி தப்பித்திருப்பார். ஆனாலும் பள்ளிக் கட்டிடம் பாதியில் நிற்கும்போது, "பக்கத்துக் குடோனுக்கு என்ன வாடகை?" என்று அந்த முதலாளியிடம் கேட்க வாய் வருமா? உறுதிமொழி ஒவ்வொரு நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்திலும் கொடுக்க வேண்டியது. இடையில் நிலைமை மாறினால் அப்போதும். கையெழுத்துக்கு முன் அறக்கட்டளையின் வரவுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலை மட்டும் நம்புவது

யார் யார் உறவினர் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் சம்பந்தி இல்லை, தாய்மாமனும் இல்லை. நம் ஊரில் சம்பந்தி வீட்டுக் கம்பெனியில் எதிர்த்து ஓட்டுப் போட்டவரை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பை வாயால் மட்டும் சொல்வது

கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கிற மினிட்ஸில் உங்கள் எதிர்ப்பு பெயரோடு ஏறினதா பாருங்கள்.

அவசரக் கூட்டத்துக்குத் தலையாட்டிக்கொண்டு போவது

ஏழு நாள் நோட்டீஸ் இல்லாமல் போர்டு கூட்டம் போட்டால், ஒரு சுயேச்சை இயக்குநராவது வந்திருக்க வேண்டும். யாரும் வராவிட்டால், அங்கே எடுத்த முடிவை அவர்களில் ஒருவராவது பிறகு ஏற்றால்தான் அது செல்லும். ராத்திரி போன் வந்தால், ஏழு நாள் ஏன் காத்திருக்க முடியாது என்று முதலில் கேளுங்கள். தாள்களைக் கையில் வாங்கிப் படித்த பிறகு கிளம்பினால் போதும்.