தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் உண்டா? பதில் சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் எங்கள் உணவு ஆலோசனை அறையில் பயிற்சிக்கு வந்திருந்த பெண், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம், "பயப்படாதீங்க ஐயா, தேங்காய் எண்ணெயில கொலஸ்ட்ராலே கிடையாது" என்றாள். அவர் நிம்மதியாக எழுந்துகொண்டார். நான்தான் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தேன்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருவருக்கு நான்கு மாதம் வீணாகப் போனது. நாகர்கோவில் பக்கம் குழம்பு, பொரியல், மீன் வறுவல் எல்லாமே தேங்காய் எண்ணெயில்தான் என்பதால் இந்தக் கேள்வி எனக்குத் தினமும் வரும். எண்ணெயை அளவாக ஊற்றுங்கள், பழைய எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

"கொலஸ்ட்ரால் இல்லை" என்பதோடு பேச்சை முடிப்பது

முதலில் கேள்விக்கு நேரான பதில். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை. நல்லெண்ணெயிலும் இல்லை, கடலை எண்ணெயிலும் இல்லை. கொலஸ்ட்ரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். விலங்குகளின் உடலில் ஒவ்வொரு செல்லின் உறையையும் கட்ட அது வேண்டும். செடிகளும் தங்கள் செல்லுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருளைத்தான் செய்துகொள்கின்றன, ஆனால் அது வேறு வகை. சைட்டோஸ்டெரால் என்று பெயர். செடியில் கொலஸ்ட்ரால் தேடினால், சொல்லும்படி இல்லாத துளி அளவுதான் கிடைக்கும். ஆகவே எந்தத் தாவர எண்ணெய் பாட்டிலிலும் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டால் அது உண்மைதான்.

ஆனால் நம்மிடம் வருபவர் கேட்பது வேறு. "இதைச் சாப்பிட்டால் என் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுமா?" என்பதுதான் அவர் கேள்வி. எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும் பங்கை நம் உடம்பே செய்துகொள்கிறது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம். கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். ரத்தத்தில் சுற்றும்போது, அதை உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களில் வாசல்கள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. நெய்யில் இருப்பது போன்ற நிறைவுற்ற கொழுப்பை அதிகமாகச் சாப்பிடச் சாப்பிட இந்த வாசல்கள் குறைகின்றன. உள்ளே போக வேண்டிய எல்.டி.எல். வெளியிலேயே தங்கிவிடுகிறது. அந்த நிறைவுற்ற கொழுப்பு பசுவிடமிருந்து வந்ததா, தென்னையிலிருந்து வந்ததா என்று கல்லீரல் பார்ப்பதில்லை.

தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 85 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யிலேயே 60 முதல் 65தான். பன்றிக் கொழுப்பில் சுமார் 40. இந்த வரிசையைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி, சர்க்கரை உண்டு, எல்.டி.எல். 142. வீட்டில் நான்கு பேர், மாதம் மூன்று லிட்டர் கடலை எண்ணெய். இவர் மட்டும் மதியச் சோற்றில் தினமும் ஒரு ஸ்பூன் நெய் ஊற்றிக்கொள்வார். நான் நெய்யை நிறுத்தச் சொன்னேன். "தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா?" என்று கேட்டார். "அதுல கொலஸ்ட்ரால் கிடையாது, ஊற்றலாம்" என்றேன். இரண்டே வரி. அவர் வீட்டுக்குப் போய்க் கடலை எண்ணெயை மொத்தமாக நிறுத்திவிட்டு, மூன்று லிட்டரும் தேங்காய் எண்ணெயாக மாற்றிவிட்டார். ஊரிலேயே ஆட்டிய எண்ணெய், கொலஸ்ட்ராலும் இல்லை என்று மேடமே சொல்லிவிட்டார்கள், வேறென்ன வேண்டும்?

நான்கு மாதம் கழித்து எல்.டி.எல். 156. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்ட எழுதிவிட்டார். அவர் அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்து, "நெய்யைத் தொடவே இல்லை மேடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அன்று போட்ட கணக்கைத்தான் இன்றும் பயிற்சிக்கு வருபவர்களிடம் போட்டுக் காட்டுகிறேன். மூன்று லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 2,760 கிராம். அதை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்குத் தினம் 23 கிராம். அது கடலை எண்ணெயாக இருந்தபோது அதில் நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம் இருந்திருக்கும். ஒரு ஸ்பூன் நெய்யில் 3 கிராம். ஆக மொத்தம் 7. அதே 23 கிராம் தேங்காய் எண்ணெய் ஆனதும், நெய்யே இல்லாமல் 19, 20 கிராம் ஆகிவிட்டது. நெய்யை நிறுத்தியதால் அவர் தவிர்த்த கொலஸ்ட்ரால் நாளுக்கு வெறும் 13 மில்லிகிராம் அளவுதான். அதைக் காட்டி, நிறைவுற்ற கொழுப்பைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக ஏற்றி விட்டேன்.

இந்த 20 கிராம் அதிகமா என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். பால், தயிர், இறைச்சி, பலகாரம் எல்லாம் சேர்ந்து இதற்குள் இருக்க வேண்டும். எண்ணெய் ஒன்றே அதைக் கிட்டத்தட்ட முடித்துவிடுகிறது.

ஒரே ஒருவருடைய ரிப்போர்ட்டை வைத்து முடிவு சொல்லக்கூடாதுதான். ஆனால் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் 'சர்குலேஷன்' இதழில் வந்த ஆய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது. சூரியகாந்தி, சோயா, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாக 10 புள்ளி ஏற்றியது. நல்ல கொலஸ்ட்ரால் என்னும் எச்.டி.எல்.லும் 4 புள்ளி ஏறியது. இந்த நாலைக் காட்டி அந்தப் பத்தை மறைப்பவர்கள் உண்டு. எச்.டி.எல்.லை மருந்து கொடுத்து ஏற்றிப் பார்த்த பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. எல்.டி.எல்.லைக் குறைத்தவற்றில் குறைந்தது.

பாட்டில் வாசகத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. இப்படி ஒரு குழப்பம் வரும் என்று தெரிந்துதான், சர்வதேச உணவுத் தர நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று விளம்பரம் செய்யும் பொருளில் நிறைவுற்ற கொழுப்பும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. திடப்பொருளானால் 100 கிராமுக்கு 1.5 கிராம், திரவமானால் அதிலும் பாதிதான். தேங்காய் எண்ணெய் அதன் பக்கத்திலேயே வர முடியாது. ஆகவே பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பைச் சொல்லும் 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்ற ஒரு வரியை மட்டும் பாருங்கள்.

பிறகு அந்த நோயாளிக்கு என்ன சொன்னேன் என்றால், சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும், அவியலுக்கும் மீன் குழம்புக்கும் மேலே ஊற்ற மட்டும் தேங்காய் எண்ணெய், வாரம் இரண்டு மூன்று ஸ்பூன். வாசனைக்கு அது போதும். மூன்று மாதத்தில் 138க்கு வந்தார்.

தாவரக் கொழுப்பு நல்லது, விலங்குக் கொழுப்பு கெட்டது என்று இரண்டாகப் பிரிப்பது

இந்தக் கோடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் இதை நம்பிவிடுகிறோம். எல்லாக் கொழுப்பும் ஒரே அமைப்புதான், ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். அந்த மூன்றும் எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். விதையில் இருந்து வரும் எண்ணெய்களில் பெரும்பாலும் நிறைவுறாதவை. ஆடு, மாடு, பால் கொழுப்புகளில் நிறைவுற்றவை கணிசம். தென்னையும் பனையினத்து பாமாயிலும் செடிகளாக இருந்தும் இந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. பாமாயிலில் பாதி நிறைவுற்றது.

எதிர்ப்பக்கத்தில் சாளை மீன் இருக்கிறது. அது விலங்கு, கொலஸ்ட்ராலும் உண்டு. ஆனால் அதன் கொழுப்பில் நிறைவுறாததே அதிகம், ஒமேகா 3 நிறைய. இறாலில் கொலஸ்ட்ரால் கூடுதல்தான், கொழுப்போ 100 கிராமில் இரண்டு கிராம்கூட இல்லை. சாளையையும் இறாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவற்றைப் பொரித்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஆலோசனைச் சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வனஸ்பதி. முழுக்கத் தாவரம், கொலஸ்ட்ரால் துளியும் இல்லை. ஆனால் எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, நெய்யை விட இதயத்துக்குக் கெடுதல். இந்தியாவில் 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதை 2 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று விதி வந்தது.

உறைவதைப் பார்த்து பயப்படுவது

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும். உடம்பின் சூடு 37. ரத்தக்குழாயில் அது உறைந்து அடைக்காது.

செக்கில் ஆட்டினால் கணக்கு மாறும் என்று நம்புவது

மாறாது. வாசனை மாறும்.

எம்.சி.டி. என்று கேட்டதும் சரி என்பது

தேங்காய் எண்ணெயில் எம்.சி.டி. என்னும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு இருக்கிறது, அது நல்லதாமே என்று படித்தவர்கள் இதைத்தான் கொண்டு வருகிறார்கள். எம்.சி.டி. எண்ணெய் என்று ஆய்வுகளில் கொடுத்தது 8, 10 கார்பன் கொண்ட சிறிய அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெய். அவை நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து 15 சதவீதத்துக்குள்தான். ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதையும் பெயரளவில் நடுத்தரச் சங்கிலி என்றுதான் சேர்க்கிறார்கள். ஆனால் உடம்பில் அதில் பெரும்பகுதி நீளச் சங்கிலி அமிலங்களின் வழியிலேயே போகிறது, எல்.டி.எல்.லையும் ஏற்றுகிறது. அந்த ஆய்வுகளின் பலனை நம் வீட்டு எண்ணெய்க்கு எழுதிவைக்க முடியாது.

எண்ணெயைக் கேட்டுவிட்டுத் தேங்காயை மறப்பது

30 கிராம் துருவலில் 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. துருவலில் நார்ச்சத்தாவது இருக்கிறது. பிழிந்த பாலில் அதுவும் போய்விடும். எத்தனை தேங்காய் வாரத்துக்கு உடைக்கிறார்கள் என்று கேட்காமல் யாருக்கும் எண்ணெய் அளவு எழுதாதீர்கள்.

பத்து நாளில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது

எண்ணெய் மாற்றியதன் பலன் எல்.டி.எல்.லில் தெரியச் சில வாரங்கள் ஆகும். எட்டு வாரம் போகட்டும், அதே லேபில், மாத்திரை அளவை மாற்றாமல் பாருங்கள். இடையில் மாத்திரை கூடியிருந்தால், குறைந்தது எண்ணெயாலா மாத்திரையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று என் மேஜைக்கு வந்த சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், மூன்று மாதம் பழைய அளவிலேயே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டது அதற்காகத்தான்.