டேட்டா தீர்ந்துபோகிறதா? தவறான ஆப்பைப் பிடித்துவிடாதீர்கள்

போனில் டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எதையாவது அணைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். எதை அணைத்தார்கள் என்று கேட்டால்தான் கதை தெரியும். கீழே சொல்வது ஆண்ட்ராய்டு போன்களுக்கு. மெனுவின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து பின்னணியை அணைப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். போனின் Settings-இல் App data usage திரையைத் திறந்தால் ஆப்கள் அதிகம் தின்றதிலிருந்து வரிசையாக நிற்கும். முதலில் நிற்பதைத் தட்டி, Background data-வை அணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். அதே பக்கத்தில் Foreground, Background என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. முன்னது நீங்கள் ஆப்பைத் திறந்து வைத்திருந்தபோது செலவானது. பின்னது நீங்கள் பார்க்காதபோது அதுவாகச் செலவழித்தது. பின்னணியை அணைத்தால் இரண்டாவது எண்தான் குறையும்.

நண்பர் ஒருவரின் போனில் பார்த்ததைச் சொல்கிறேன். முதலிடத்தில் வீடியோ ஆப், 5.8 ஜிபி. அடுத்து போட்டோ ஆப், 2.1. மூன்றாவதாக, செய்தி அனுப்பும் ஆப், 1.2. மனிதர் வீடியோ ஆப்பிலும் செய்தி ஆப்பிலும் பின்னணியை அணைத்திருந்தார். "எல்லாத்தையும் அணைச்சுட்டேன், அப்பவும் காலியாகுதே" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். வீடியோ ஆப்பின் 5.8-இல் 5.6 முன்னணி. அதாவது அவரே உட்கார்ந்து பார்த்தது. பின்னணியை அணைத்ததில் மிஞ்சக்கூடியது வெறும் 0.2. அந்த ஆப்புக்கு மருந்து அதன் உள்ளேயே இருந்தது: மொபைல் டேட்டாவில் வீடியோ தரத்தை 480-க்கு இறக்குவது. 1080-இல் ஒரு மணி நேரம் ஓடினால் 1.5 ஜிபிக்கு மேலும் போகலாம். 480-இல் அது சுமார் அரை ஜிபியில் நிற்கும்.

போட்டோ ஆப்பில் நிலைமை தலைகீழ். 2.1-இல் 1.9 பின்னணி. எடுத்த படங்களையும் வீடியோக்களையும் அது சத்தமில்லாமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. உண்மையில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டாவதாக நின்றதால் அவர் கண்ணில் படவில்லை. ஆப்பின் அமைப்பில் வைஃபையில் மட்டும் பேக்கப் என்று மாற்றினோம்.

செய்தி ஆப்பில் பின்னணி 0.8. பெரும்பாலும் குழுக்களில் வரும் வீடியோக்கள் தானாக இறங்கியதுதான். பின்னணியை மொத்தமாக அடைத்ததில் செய்திகள் தாமதமானதோடு, அந்த ஆப்பில் வந்த அழைப்பும் மணி அடிக்காமல் போயிருந்தது. அதை மறுபடி திறந்துவிட்டு, மீடியா தானாக இறங்குவதை மட்டும் மொபைல் டேட்டாவுக்கு நிறுத்தினோம்.

மாற்றியதும் ஆப்பின் Background எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அது ஏறாமல் நின்றால் மாற்றம் வேலை செய்கிறது. இன்னும் ஏறினால் வேறு ஏதோ வழியில் செலவாகிறது.

தேதியைப் பார்க்காமல் எண்ணை நம்புவது

App data usage திரை காட்டுவது ஒரு மாதச் சுற்றின் கணக்கு. உங்கள் திட்டம் 18-ஆம் தேதி புதுப்பிக்கப்பட, போன் 1-ஆம் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. சுற்றின் தொடக்கத் தேதியை அமைப்பில் மாற்றலாம். சுற்று இப்போதுதான் தொடங்கியிருந்தால் மேலே உள்ள தேதியைத் தட்டி முந்தைய சுற்றைப் பாருங்கள். அப்புறம், பார்ப்பது வைஃபை கணக்கா மொபைல் கணக்கா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

டேட்டா சேவரைப் போட்டுவிட்டு விதிவிலக்கு தராமல் இருப்பது

டேட்டா சேவர் எல்லா ஆப்களின் பின்னணி மொபைல் டேட்டாவையும் ஒரேயடியாக நிறுத்தும். வைஃபையைச் சாதாரணமாக அது தொடாது. செய்தி ஆப், அலுவலக மின்னஞ்சல் போன்ற இரண்டு மூன்றுக்கு மட்டும் Unrestricted data-வில் அனுமதி கொடுங்கள். பட்டியல் பத்தைத் தாண்டினால் சேவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். திறந்து பார்க்கும் வீடியோவையும் அது நிறுத்தாது.

ஹாட்ஸ்பாட் வேலை செய்யவில்லை என்று போனைத் திட்டுவது

பெரும்பாலான போன்களில் டேட்டா சேவர் ஆனில் இருந்தால் ஹாட்ஸ்பாட் ஓடாது.

எச்சரிக்கையையும் வரம்பையும் ஒன்று என நினைப்பது

நீங்கள் வைத்த அளவு டேட்டா செலவானதும் எச்சரிக்கை சொல்லும், அவ்வளவுதான். வரம்பு மொபைல் டேட்டாவையே அணைத்துவிடும். போனின் கணக்கும் நெட்வொர்க் கம்பெனியின் கணக்கும் சற்று வேறுபடும் என்பதால், 15 ஜிபி திட்டத்துக்கு வரம்பை 14-இல் வைப்பது என் வழக்கம்.