வரவேற்பு மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர், புதிய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்போகும் வரவேற்பு மின்னஞ்சல்களை என்னிடம் காட்டினார்கள். இணையதள வேலையை நான் தொடங்கிய காலத்தில் எழுதிய அதே மடல்கள், அதே தவறுகள். எழுத்துப்பிழை, பெயரை மாற்றிப் போடுவது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேலை யாருடையது என்று சொல்லாமல் விடுவது

இருவருடைய மடலிலும் இப்படி ஒரு வரி இருந்தது: "டொமைன் அணுகல் பெறப்பட்டதும் தளம் வெளியிடப்படும்." பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் பெற வேண்டும், யாரிடமிருந்து? செயப்பாட்டு வினை போட்டவுடன் ஆள் மறைந்துவிடுகிறார். வாடிக்கையாளர் அதைப் படித்து, "சரி, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிறார். நாம் அவர் அனுப்புவார் என்று நினைக்கிறோம்.

இந்த ஒரு வரியால் எனக்கு மூன்று வாரம் போனது. நான்காவது பத்தியில் அதை எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் அன்றே "மிக்க நன்றி, ஆவலோடு காத்திருக்கிறேன்" என்று பதில் போட்டார். எனக்கும் மகிழ்ச்சி. சோதனை சர்வரில் தளத்தைக் கட்டி முடித்து, ஆறாவது வாரம் வெளியிடப் போனபோதுதான் டொமைன் கணக்கைக் கேட்டேன். அது அவரிடம் இல்லை. பழைய வடிவமைப்பாளர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, உரிமையை மாற்றி வாங்குவதற்குள் மூன்று வாரம். தளம் தயார், வெளியிட முடியவில்லை; வெளியீட்டோடு சேர்ந்த கடைசித் தவணையும் வரவில்லை. "முதல் நாளே கேட்டிருந்தால் அப்போதே தேடியிருப்பேனே" என்றார் வாடிக்கையாளர். அவர் சொன்னது நியாயம். இன்றைக்கும் யாராவது "பெறப்பட்டதும்" என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது அதே விஷயத்தை இப்படி எழுதுகிறேன்:

> நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் டொமைனைப் பதிவு செய்த கணக்கில் என்னை இன்னொரு பயனராகச் சேர்த்துவிடுங்கள். கணக்கு கையில் இருந்தால் பத்து நிமிட வேலைதான். வியாழக்கிழமைக்குள் முடித்தால் போதும். கணக்கு யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால், "தெரியவில்லை" என்று மட்டும் பதில் போடுங்கள். சேர்ந்தே தேடலாம்.
>
> நான் செய்வது: வெள்ளிக்கிழமை அதைச் சரிபார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

கடைசியில் வரும் அந்தத் "தெரியவில்லை" முக்கியமானது. பலருக்குத் தங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மடலை அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். தெரியாது என்று சொல்ல நாமே வழிவிட்டால் சிக்கல் முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிடும். அப்போது தேடுவதற்கு ஐந்து வாரம் கையில் இருக்கும்.

மடல் பலித்ததா என்று பதிலைப் பார்த்தாலே தெரியும். கேள்வியோ, கேட்ட பொருளோ வந்தால் சரி. நன்றி மட்டும் வந்தால் அவர் தன் வேலையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அடுத்த நாளே போன் செய்துவிடுங்கள்.

அன்பை மூன்று பத்திக்கு நீட்டுவது

"உங்களோடு பணியாற்றுவதில் பெருமகிழ்ச்சி" என்பதை யாருக்கும் அனுப்பலாம். அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரி எழுதுங்கள்: "முன்பதிவுப் படிவம் மொபைலில் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றீர்கள். அதைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்." தான் பேசியதைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியும். அதன் பிறகு நேராகப் படிகளுக்குப் போய்விடலாம்.

எல்லாப் படிகளையும் ஒரே மூச்சில் விளக்குவது

லோகோ, படங்கள், பக்கங்களுக்கான எழுத்து, டொமைன், முதல் சந்திப்பு எல்லாவற்றையும் ஒரே மடலில் விரிவாகக் கேட்டால், வருவது பெரும்பாலும் லோகோ மட்டும்தான், ஏனென்றால் அது சுலபம். இந்த வாரம் வேண்டிய இரண்டை மட்டும் விரித்து எழுதுங்கள். மற்றவை எந்த வாரம் வரும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். டொமைனைப் போல, தேட நாள் பிடிக்கக்கூடியது எதுவோ அது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கட்டும்.

கடவுச்சொல்லை மடலில் கேட்பது

கேட்காதீர்கள். பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

"வணக்கம்" என்று தலைப்பு போடுவது

பத்து நாள் கழித்து அவரால் தேடி எடுக்க முடியாது. "இணையதள வேலை: தொடக்கப் படிகள்" என்று போடுங்கள்.

இன்வாய்ஸுக்குப் பிறகு அனுப்புவது

ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் பில்லிங் மென்பொருள் முன்பண இன்வாய்ஸைத் தானாகவே அனுப்பிவிடும். நம் மடல் மறுநாள் போனால், கையெழுத்துப் போட்டவருக்கு நம்மிடமிருந்து முதலில் வருவது பணம் கேட்கும் கடிதம். அந்தத் தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு, வரவேற்பு மடல் போன பிறகு இன்வாய்ஸை நானே கையால் அனுப்புகிறேன். இன்வாய்ஸ் வரப்போகிறது, எதற்கான தொகை என்பதையும் மடலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்.