பிள்ளைக்குத் தேள் கொட்டினால்: முதல் இரண்டு மணித்தியாலம்

கிடுகு வேலி, அடுக்கிவைத்த விறகு, வாசலில் கிடக்கும் செருப்பு. திருகோணமலைப் பக்கத்தில் தேள் கொட்டிய கதை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்கும். பெரியவர்களுக்குக் கொட்டினால் பெரும்பாலும் ஓர் இரவு வலியோடு போய்விடும். பிள்ளைகளுக்கு அப்படி நம்பியிருக்க முடியாது. உடம்பு சின்னது, விஷத்தின் அளவு அதேதான்.

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். நான்கு வயதுப் பையன், நிறை 16 கிலோ. இரவு 7.40 மணிக்குச் செருப்புக்குள் காலை விட்டவன் வீறிட்டான். வலது பெருவிரலில் கொட்டியிருந்தது. தாய் என்னைக் கூப்பிட்டதும் ஓடிப்போனேன்.

முதல் ஐந்து நிமிடம்

பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் இருத்துங்கள். செருப்பையும் உடுப்பையும் உதறிப் பாருங்கள், தேள் அதற்குள்ளேயே இருந்தால் இன்னொருமுறை கொட்டும். கொட்டிய இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். தேள் கொடுக்கை உள்ளே விட்டுப் போவதில்லை, அதனால் தோண்டித் தேடுவதற்கு எதுவும் கிடையாது. கால் என்றால் கொலுசு, கை என்றால் மோதிரம், காப்பு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது பெரிய பாடு.

அந்தப் பையனின் வீட்டில் அம்மம்மா அதற்குள் தொடைக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தா. அதை அவிழ்த்துவிட்டேன். கட்டுவதால் விஷம் நிற்காது, வலி கூடும், இரத்தம் ஓடாமல் காலும் கெட்டுப்போகும். வெட்டுவது, உறிஞ்சுவது, மண்ணெண்ணெய் பூசுவது எதுவும் வேண்டாம்.

கொட்டியது எது என்று யாருமே பார்க்கவில்லையா? அப்படியானால் பாம்பு கடித்ததாகவே நினைத்து உடனே புறப்படுங்கள். முக்கியமாக, நிலத்தில் பாய் போட்டுத் தூங்கிய பிள்ளை இரவில் எழுந்து அழுதால். கட்டுவிரியன் கடித்தால் வலியும் இராது, அடையாளமும் சரியாகத் தெரியாது.

வலிக்கு என்ன செய்வது

ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிக் கொட்டிய இடத்தில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி வைக்கலாம். ஐஸை நேரே தோலில் வைத்தால் தோல் புண்ணாகும்.

பிள்ளை வாந்தி எடுக்காமல் இருந்தால் மட்டும் பரசிட்டமோல் பாணி கொடுக்கலாம். ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 16 கிலோ பையனுக்கு 240 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 10 மில்லிலீட்டர் வரும். லேபலை வாசித்த பிறகே ஊற்றுங்கள், எல்லாப் போத்தலும் ஒரே செறிவு கிடையாது. ஆறு மணித்தியாலத்துக்குள் மறுபடி கொடுக்கக்கூடாது. காய்ச்சலுக்கென்று பின்னேரமே கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். தூக்கம் வரவைக்கும் மருந்தும் வேண்டாம், தூங்கிவிட்டால் நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் மறைந்துபோகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வலி குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல்படக்கூடாது. விஷம் உடம்பு முழுக்கப் பரவிய பிள்ளைகளில் கொட்டிய இடம் பெரிதாக வலிக்காமலும் இருக்கும்.

காலை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

நட்டுவக்காலி என்று நாங்கள் சொல்கிற பெரிய கறுப்புத் தேளுக்குக் கவ்வும் கைகள் தடித்து, வால் ஒல்லியாக இருக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். பயப்பட வேண்டியது ஒல்லிக் கையும் தடித்த வாலுமாக, செம்மண் நிறத்தில் இருக்கும் சிறிய தேளுக்கு. இந்தியாவில் பல பிள்ளைகளின் உயிரைப் பறித்த இந்தச் சிவப்புத் தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இருக்கிறது. முடிந்தால் போனில் ஒரு படம் எடுங்கள். பிடிக்கப் போக வேண்டாம்.

சிவப்புத் தேளின் விஷம் நரம்புகளைத் தூண்டிவிட்டு, பெரும் பயத்தில் சுரக்கும் சுரப்புகளை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. அதனால் முதலில் வாந்தியும் தெப்பமாக நனைகிற வேர்வையும் வரும். கையும் காலும் குளிர்ந்துபோகும், எச்சில் வடியும், ஆண் பிள்ளைகளுக்கு ஆணுறுப்பு விறைத்தே நிற்கும். வெட்கப்பட்டு இதை மறைக்காதீர்கள், வைத்தியருக்கு அது பெரிய தடயம். அதற்குப் பிறகுதான் இருதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் நிலைமை மிகவும் மோசம்.

எங்கள் பையன் 8.05க்கு ஒருமுறை வாந்தி எடுத்தான். சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. “பயத்தில வேர்க்குது பிள்ளை, கொஞ்சம் தேத்தண்ணி குடுப்பம்” என்றா அம்மம்மா. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வாயால் எதுவும் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, கொட்டாத காலின் பெருவிரல் நகத்தை மூன்று விநாடி அமுக்கி விட்டுப் பார்த்தேன். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். நான்கு எண்ணிய பிறகுதான் நிறம் வந்தது. பாதம் ஐஸ் வைக்காமலேயே ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

அழுகை ஓய்ந்த நேரம் பார்த்து மூச்சையும் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம்.

எப்போது புறப்படுவது

பிள்ளைக்குத் தேள் கொட்டினாலே வைத்தியசாலைக்குப் போங்கள் என்பதுதான் என் கட்சி. அடையாளங்கள் பொதுவாக முதல் சில மணித்தியாலத்துக்குள் தலைகாட்டும், அந்த நேரத்தைப் பிள்ளை வைத்தியசாலைக் கட்டிலில் கழிப்பது நல்லது. ஒருமுறை வாந்தி, அல்லது வேர்வையோடு குளிர்ந்த கை என்றால் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். குச்சவெளி, வெருகல் போன்ற தூர இடமென்றால் எந்த வைத்தியசாலை கிட்ட என்று அவர்களிடமே கேளுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். மூச்சு முட்டும் பிள்ளையை மட்டும் மடியில் நிமிர்த்தி இருத்திக் கொண்டுபோங்கள்.

அங்கே இரத்த அழுத்தம் பார்த்து, ஈசீஜி எடுத்து, தேவையென்றால் பிரசோசின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் பவாஸ்கர்தான் தேள்கடிக்கு இதைப் பரவலாக்கியவர். விஷம் இறுக்கிய இரத்தக் குழாய்களை இது தளர்த்தும். மருந்து கொடுத்த பிறகு பிள்ளையை எழுப்பி இருத்தினால் இரத்த அழுத்தம் சட்டென விழும், ஆகவே படுத்தபடியேதான் இருக்க வேண்டும். சலம் கழிக்கத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, கட்டிலிலேயே பாத்திரம் வைத்துக் கொடுங்கள்.

பையனுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். விடியப்பக்கம் கால் சூடாகிவிட்டது. ஆனால் காலையில் பெருவிரல் வலிக்கிறது என்று மறுபடி அழத் தொடங்கினான். தாய் பதறிப்போய் எனக்குப் போன் எடுத்தா. விஷத்தின் வேகம் இறங்கும்போது கொட்டிய இடத்து வலி திரும்பி வருவது உண்டு, கட்டில் ஓரத்து தாதியிடம் சொல்லி வலிக்கு மருந்து கேளுங்கள் என்றேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இப்போது செருப்பைத் தட்டாமல் போடமாட்டான், அம்மம்மாவின் செருப்பையும் சேர்த்துத் தட்டிவைக்கிறான்.