கல்ஃப் போகிற எலக்ட்ரீஷியன் தம்பிகள் கையெழுத்துக்கு முன் செய்யும் தவறுகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் நாலைந்து வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்துவிட்டு துபாய், அபுதாபி என்று கிளம்பும் பையன்கள் அடிக்கடி வந்து பேசுவார்கள். ஐ.டி.ஐ. படித்தவர்கள், கைவேலையில் கெட்டிக்காரர்கள். மோட்டார் ஏன் ட்ரிப் ஆகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் வேலைக்கான ஆஃபர் லெட்டரைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தின் போட்டோவைக் காட்டுகிறார்கள். பல வருஷம் முன்பு எங்கள் செட் செய்ததும் இதேதான். பாஸ்போர்ட் காலாவதி, மெடிக்கல், சான்றிதழ் அட்டெஸ்டேஷன் இதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன். கணக்கெல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்துக்கானது. சவுதி, கத்தாருக்குச் சட்டம் வேறு.

மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது. "எவ்வளவு சம்பளம்பா?" என்றால் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். "பேசிக் எவ்வளவு?" என்றால் முழிக்கிறார்கள்.

வாலாஜா பக்கத்துத் தம்பி ஒருவன் இரண்டு ஆஃபரோடு வந்தான். இரண்டுமே எலக்ட்ரீஷியன் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம், தங்குமிடம் கம்பெனி கொடுக்கும். முதல் ஏஜென்ட் 2,100 திர்ஹாம் என்கிறார். இரண்டாமவர் 1,900 என்கிறார். "முதல் ஆளுக்கே ஓகே சொல்லிடலாம்னு இருக்கேண்ணா" என்றான். சரி, பேப்பரை முழுசாக வாங்கி வா என்று அனுப்பினேன். அவன் கேட்டதும் அந்த ஏஜென்டுக்குக் கோபம் வந்ததாம். "இஷ்டம் இருந்தா போ, இல்லைன்னா பின்னாடி பத்து பேர் நிக்கிறான்" என்றாராம். ஒரு வாரம் கழித்துப் பேப்பர் வந்தது.

முதல் ஆஃபரில் பேசிக் 1,000, சாப்பாட்டுக்கு 300, இதர படி 300. ஆக 1,600தான். 2,100க்கு மீதி எங்கிருந்து வந்தது? தினமும் நாலு மணி நேரம் ஓவர்டைம் நிச்சயம் என்று ஏஜென்டே கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பேப்பரில் அந்த நாலு மணி நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அமீரகச் சட்டப்படி ஓவர்டைம் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது ஆஃபரில் பேசிக் 1,400, சாப்பாட்டுக்கு 250, இதர படி 250. ஓவர்டைம் கிடைத்தால் அது தனி.

ஓவர்டைம் கூலி பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும். பொதுவாகப் பேசிக்கை 30ஆல் வகுத்து, அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். அதோடு குறைந்தது 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். இரவு 10 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரையென்றால் 50 சதவீதம். முதல் ஆஃபரில் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 5.21 திர்ஹாம் வருகிறது. இரண்டாவதில் 7.29.

மாதம் 26 நாள், தினமும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 52 மணி நேரம். முதல் ஆஃபரில் 271 சேர்ந்து மொத்தம் 1,871. இரண்டாவதில் 379 சேர்ந்து 2,279. குறைச்சல் என்று சொன்ன வேலை மாதம் நானூறு திர்ஹாம் அதிகம் தருகிறது. ஓவர்டைமே இல்லாத மாதம் வந்தால் இங்கே 1,600, அங்கே 1,900. ப்ராஜெக்ட் முடிகிற காலத்தில் அப்படி மாதங்கள் வரும், தொடர்ந்தும் வரும்.

இதோடு முடியவில்லை. ஒரு வருஷம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அதுவும் பேசிக்தான். முதல் ஆஃபரில் இரண்டு வருஷத்துக்கு 1,400 திர்ஹாம், இரண்டாவதில் 1,960. எடுக்காத லீவுக்குக் கடைசியில் தரும் பணமும் பேசிக்கிலேயே கணக்காகும். படியை ஏற்றி பேசிக்கை இறக்கினால் கம்பெனிக்கு எங்கெல்லாம் மிச்சம் என்று இப்போது புரிந்திருக்கும்.

தம்பி இரண்டாவது ஆஃபரை எடுத்தான். அவனோடு இன்டர்வியூவுக்குப் போன இன்னொருவன் 2,100க்கே போனான். போன புதிதில் அவனுக்குச் சைட்டில் ஓவர்டைமே இல்லை. ஏஜென்டுக்குப் போன் அடித்தால், "அது கம்பெனி பாடு" என்ற பதில்தான் வந்தது. பேப்பரில் இல்லாததை எதை வைத்துக் கேட்பது?

பேப்பர் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஏஜென்டின் லெட்டர்ஹெட்டில் வருவது ஒன்று, அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபர் வேறு. செல்லுபடியாவது பின்னது. அதற்கு எண் இருக்கும், அதை அமைச்சகத்தின் mohre.gov.ae தளத்தில் சரிபார்க்கலாம். அந்தப் படிவம் அரபியோடும் ஆங்கிலத்தோடும் தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் தரப்பட வேண்டும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். அங்கே போனபின் போடும் ஒப்பந்தம் இந்த ஆஃபரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் விதி. அதனால் ஆஃபரில் ஒரு பிரதி உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். பதவி என்ற இடத்தில் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறதா, ஹெல்பர் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இருக்கும். அவர்கள் வேலைக்காக வளைகுடா போனால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அனுமதி தரும் முன் ஒப்பந்தத்தைப் பார்க்கும். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பத்தாவது தேறியவன். அவனுக்கு அந்த அனுமதி தேவையில்லை. பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அவனுடைய பேப்பரை அவனைத் தவிர வேறு யாரும் படித்துப் பார்க்கப்போவதில்லை.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது

வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பதிவான ஒப்பந்தமும் இல்லை, புகார் கொடுக்க வழியும் இல்லை.

ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணம்

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். லைசென்ஸ் உண்மைதானா என்று emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜென்டுக்கு லைசென்ஸ் கிடையாது. காட்பாடி ஸ்டேஷன் டீக்கடையில் பேசி முடித்து ஒன்றரை லட்சம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மொழி என்றதும் அரபி வகுப்பில் சேர்வது

சைட்டில் உங்களுக்கு அரபி பேசும் தேவை அநேகமாக வராது. பக்கத்தில் நிற்பவர் பீகார், பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரராக இருப்பார். அவர்களுக்குள் ஓடுவது ஹிந்தி, உருது கலந்த பேச்சு. பேப்பரெல்லாம் ஆங்கிலம். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முதலில் தடுமாறுவது அந்த ஹிந்தியில்தான்.

இதில் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது பேசும் கூட்டாளி யாராவது கட்டாயம் இருப்பான். அவனோடு இரண்டு மாதம் வேலை விஷயமாக மட்டும் பேசிப் பழகினால் போதும். தூக்கு, இறக்கு, சப்ளையை நிறுத்து, கையை எடு, நான் சொல்லும் வரை போடாதே, இந்த மாதிரி. அங்கத்திய பேச்சு கொஞ்சம் வேறாக இருக்கும், ஆனால் காது பழகிவிடும்.

ஆங்கிலத்தில் பேசுவதைவிட எழுதுவதில்தான் ஓட்டை. ஷிஃப்ட் முடியும்போது அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். என்ன கோளாறு, நான் என்ன செய்தேன், என்ன மீதி இருக்கிறது, எது இப்போது ஆஃப் நிலையில் இருக்கிறது. இந்த நாலுக்கு நாலு சின்ன வாக்கியம். இப்போதிருக்கும் வேலையிலேயே தினமும் எழுதிப் பழகலாம். காலை பாதுகாப்புப் பேச்சில் புரியாமல் தலையாட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறார்களே, அது பெரிய வம்பு. பின்னால் ஏதாவது ஆனால், உனக்குச் சொல்லியாகிவிட்டது என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி.

சீக்கிரம் முடித்தால் நல்ல பெயர் என்று நம்புவது

இங்கே லைன் நின்றால் சூப்பர்வைசர் தலைமேல் வந்து நிற்பார். ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பத்து நிமிஷத்தில் ஓட வைப்பவன்தான் கெட்டிக்காரன். அதே கெட்டிக்காரத்தனத்தை அங்கே காட்டி, சேர்ந்த முதல் வாரத்திலேயே சைட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டவரை எனக்குத் தெரியும். ஒரு சம்ப் பம்ப். ஸ்டாப் அழுத்தினார், கவரைக் கழற்றினார். ஷாக் எதுவும் அடிக்கவில்லை. சேஃப்டி ஆபீசர் பார்த்தார், அவ்வளவுதான்.

ஸ்டாப் பட்டன் கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் நிறுத்துகிறது. பவர் கான்டாக்டர் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மட்டம் ஏறினால் ஃப்ளோட் ஸ்விட்ச் தானாக ஸ்டார்ட் கொடுக்கலாம், கன்ட்ரோல் ரூமிலிருந்தும் கொடுக்கலாம். அதனால் அங்கே வரிசை இப்படிப் போகும். முதலில் வேலைக்கான பர்மிட் கையில் வர வேண்டும். பிறகு பேனலில் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேகைத் தொங்கவிட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. உங்கள் பூட்டின் சாவி உங்கள் பையில்தான் இருக்கும். அதற்குப் பின் டெஸ்டரை உயிருள்ள ஒரு சப்ளையில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, டெர்மினலில் சப்ளை இல்லை என்று உறுதி செய்து, மறுபடியும் அந்த உயிருள்ள சப்ளையில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் என்ன செய்வது, அதற்குத்தான் கடைசிச் சோதனை.

பர்மிட்டுக்கு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க நேரும். அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள். புதிதாகப் போனவருக்கு உட்காரவே கூச்சமாக இருக்கும், கை பரபரக்கும். அந்த நேரத்தில்தான் இப்படி எதையாவது கழற்றிவிடுகிறார்கள்.

பிடிக்கவில்லை என்று பாதியில் கிளம்புவது

புரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் ஊருக்குத் திரும்புவதென்றால் 14 நாள் முன்னதாகவும், அமீரகத்திலேயே வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ஒரு மாதம் முன்னதாகவும் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் ஒரு வருஷம் அங்கே ஒர்க் பர்மிட் கிடைக்காமல் போகலாம். வாயால் சொன்னேன் என்பது எடுபடாது. மெயிலில் அனுப்பி, அனுப்பிய தேதி தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.